ஹில்ஸ்பரோவின் ஏழு சுழல் கதவுகள்

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதும் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து அரையிறுதி. ஆட்டம் மூன்று மணிக்கு. மதியம் இரண்டரை மணி ஆனபோது, லெப்பிங்ஸ் லேன் என்ற தெருப் பக்கமாக ஏழு சுழல் கதவுகள் வழியே உள்ளே போயிருந்தவர்கள் ஏறத்தாழ 4,400 பேர். கையில் டிக்கெட்டோடு அதே ஏழு கதவுகள் வழியே இன்னும் போக வேண்டியிருந்தவர்கள் ஏறத்தாழ 5,700 பேர்.

இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டர்ன்ஸ்டைல் எனப்படும் சுழல் கதவு ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு கதவு மணிக்கு 660 பேரை விடும் என்பது பிரிட்டனில் இன்று பின்பற்றப்படும் உச்ச அளவு. அதாவது ஐந்தரை நொடிக்கு ஒருவர். டிக்கெட்டைத் தப்பாக நீட்டினாலோ, பையைத் திறந்து காட்டச் சொன்னாலோ இந்த வேகமும் கிடைக்காது. ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்குப் போயிருந்தபோது வரிசையில் பொழுது போகாமல் வாட்சைப் பார்த்து எண்ணினேன். பை சோதனையோடு நிமிடத்துக்கு ஏழு பேர்தான் தேறினார்கள்.

சரி, மணிக்கு 660 என்றே வைத்துக்கொள்வோம். ஏழு கதவுக்கு மணிக்கு 4,620 பேர். 5,700 பேர் உள்ளே போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இரண்டரையிலிருந்து கணக்கிட்டால் கடைசி ஆள் உள்ளே கால் வைக்கும்போது மணி 3.45 ஆகியிருக்கும். பின்னால் நடந்த விசாரணைக்காக அரசின் பாதுகாப்பு நிறுவனம் தனியாகப் போட்ட கணக்கும் ஏறக்குறைய 3.40 என்றுதான் வந்தது. ஆக, இரண்டரை மணிக்கே விடை தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது. யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அன்று நெரிசலில் சிக்கியவர்களில் இதுவரை 97 பேர் இறந்துவிட்டார்கள். கடைசி ஒருவர் 32 ஆண்டுகள் அந்தக் காயங்களோடே வாழ்ந்து 2021-இல் இறந்தார்.

விளையாட்டு மைதானங்களில் கூட்டத்தை உள்ளே விடுவது, எதிரெதிர் ரசிகர்களைப் பிரித்து வைப்பது, ஆபத்தில் எல்லாரையும் வெளியே கொண்டுவருவது என்று மூன்று வேலைகள் இருக்கின்றன. இவை ஒன்றுக்கொன்று எப்படி முட்டிக்கொள்ளும் என்பதைப் புரிந்துகொள்ள ஹில்ஸ்பரோவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் அங்கேயே நிற்கிறேன்.

ஒரு மைதானத்தில் எத்தனை பேர் கொள்ளும்?

இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் நாற்காலிகளை எண்ணிப் பதில் சொல்லிவிடுவோம். பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு ‘பச்சை வழிகாட்டி’ என்று ஒரு நூல் இருக்கிறது. 1971-இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து கூட்டம் இறங்கும்போது படிக்கட்டில் 66 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 1973-இல் முதல் பதிப்பு வந்தது. அந்த நூல் இந்தக் கேள்விக்கு நான்கு பதில்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. எத்தனை பேர் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வர முடியும்? எத்தனை பேர் பத்திரமாக உட்காரவோ நிற்கவோ முடியும்? ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேர் சுமார் எட்டு நிமிடத்துக்குள் இருக்கையை விட்டுத் தடையில்லாத வழிக்கு வந்துவிட முடியும்? அவசரம் என்றால் அந்தக் கட்டடத்துக்கு வகுத்த நேரத்துக்குள் எத்தனை பேர் தப்ப முடியும்?

இந்த நான்கில் எது மிகக் குறைவோ, அதுதான் அந்த இடத்தின் கொள்ளளவு. மற்ற மூன்றும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. ஐம்பதாயிரம் நாற்காலி போட்டுவிட்டு முப்பதாயிரம் பேருக்கு வாசல் வைத்தால், அது முப்பதாயிரம் பேர் மைதானம்தான்.

இதை லெப்பிங்ஸ் லேன் பக்கத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கே நின்று பார்க்கும் படிமேடைக்கு 1979-இல் கொடுக்கப்பட்ட சான்றிதழ் 10,100 பேர் என்றது. ஏழு கதவுகளில் ஒரு மணி நேரத்தில் வரக்கூடியவர்கள் 4,620 பேர். இன்றைய விதியை அப்படியே வைத்தால், அந்த மேடைக்குப் பாதி டிக்கெட்கூட விற்றிருக்கக் கூடாது. அந்தச் சான்றிதழுக்குப் பிறகு மேடையில் வேலிகள் வந்தன, தடுப்புக் கம்பிகள் மாறின, ஒரு கம்பி எடுக்கப்பட்டது. சான்றிதழில் இருந்த எண் மட்டும் பத்து ஆண்டுகளும் அப்படியே இருந்தது.

பிரித்து வைத்ததன் விலை

54,000 பேருக்கான மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு ஏன் அவ்வளவு குறைவான கதவுகள்? காரணம், ரசிகர்களைப் பிரித்து வைத்த விதம்.

எண்பதுகளில் ஆங்கிலக் கால்பந்து என்றாலே அடிதடிதான். இரு அணி ரசிகர்களும் ரயில் நிலையத்தில், தெருவில், மைதானத்துக்குள் எங்குமே சந்தித்துக்கொள்ளக் கூடாது என்பதே போலீஸின் முதல் கவலை. நாட்டிங்ஹாம் கூட்டம் தெற்கே இருந்து வரும், லிவர்பூல் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் மேற்கே இருந்து வரும். இரண்டும் குறுக்கே போகாமல் இருக்க வேண்டும் என்றால் நாட்டிங்ஹாமுக்குக் கிழக்கும் தெற்கும், லிவர்பூலுக்கு மேற்கும் வடக்கும் என்று பிரித்தார்கள். லிவர்பூல்தான் அதிக ரசிகர்களைக் கொண்ட அணி. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது சின்னப் பக்கம். இதில் சிலர் சீட்டுக் குறைந்ததைப் பற்றித்தான் கத்தினார்கள். உண்மையான சிக்கல் வாசலில் இருந்தது.

வடக்கு ஸ்டாண்டுக்குக் கிழக்குத் தெருப் பக்கமாகவும் ஆட்களை விட முடியும். அப்படி விட்டால் லிவர்பூல் ரசிகர்கள் நாட்டிங்ஹாம் ரசிகர்களோடு கலந்துவிடுவார்கள். ஆகவே வடக்குக்கும் மேற்குக்கும் போகும் 24,000-க்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் லெப்பிங்ஸ் லேன் வழியாகவே வர வேண்டும் என்று முடிவானது. மொத்தம் 23 சுழல் கதவுகள். மறுபக்கம் நாட்டிங்ஹாமின் ஏறத்தாழ 30,000 பேருக்கு 60 கதவுகள். அந்த 23-இலும், நின்று பார்ப்பவர்களுக்கு ஏழுதான்.

கதவுகளுக்கு முன்னால் இருந்த முற்றமும் சின்னது. தெருவிலிருந்து உள்ளே வந்தால் புனல்போலக் குறுகும். வரிசையாக நிற்க இடமே இல்லை. வந்தவர்கள் கும்பலாகவே நின்றார்கள். எந்த டிக்கெட்டுக்கு எந்தக் கதவு என்பது பலருக்கு விளங்கவில்லை. தப்பான கதவுவரை போனவர்களால் திரும்ப முடியவில்லை, ஏனென்றால் பின்னால் சுவர்போலக் கூட்டம். இப்படி ஒருவர் மாட்டிக்கொண்டால் அவருடைய கதவு அரை நிமிடம் நின்றுவிடும். அதாவது, நெரிசல் கூடக்கூடக் கதவின் வேகம் குறையும். எந்த மைதான வாசலிலும் நிலைமை கைமீறுகிறதா என்பதை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். வெளியே கூட்டம் பெருகும்போது உள்ளே போகிறவர்களின் எண்ணிக்கை ஏறாமல் இறங்கத் தொடங்கினால், அடுத்த பத்து நிமிடத்தில் கட்டாயம் ஏதாவது முடிவு எடுத்தாக வேண்டும்.

உள்ளேயும் அதே கதைதான். 1981-இல் இதே மேடையில் ஓர் அரையிறுதியின்போது நெரிசலாகி 38 பேர் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகு கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் ரசிகர்களைப் பிரிக்கவும் மேடையை மேலிருந்து கீழாக இரும்பு வேலிகளால் தனித்தனிக் கூண்டுகளாகப் பிரித்தார்கள். கூண்டு என்று நான் கோபத்தில் சொல்லவில்லை. அவர்களே அதை ஆடு மாடு அடைக்கும் பட்டிக்குச் சொல்லும் சொல்லால்தான் குறிப்பிட்டார்கள். முன்னால் ஆடுகளத்துக்கும் மேடைக்கும் நடுவே இன்னொரு உயர வேலி, அதன் உச்சி மேடைப் பக்கம் வளைந்திருக்கும். அந்த வேலியில் கூண்டுக்கு ஒன்றாக, ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சிறு கதவு. தாழ்ப்பாள் ஆடுகளப் பக்கம். மேலதிகாரி சொல்லாமல் அதைத் திறக்கக் கூடாது என்று போலீஸாருக்கு எழுத்துப்பூர்வமான உத்தரவு.

மேடைக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்று சுழல் கதவுகள் எண்ணிச் சொல்லும். ஆனால் எந்தக் கூண்டில் எத்தனை பேர் என்று எண்ண வழியில்லை. ‘தண்ணீர்போல அவர்களே சமமாகப் பரவிக்கொள்வார்கள்’ என்பதுதான் அங்கே எழுதாத விதி. வேலிகளால் அறுத்த மேடையில் தண்ணீர் எப்படிப் பரவும் என்று யாரும் கேட்கவில்லை.

‘சி’ வாசல் திறந்தபோது

2.47-க்கு வெளியே நின்ற போலீஸ் அதிகாரி வயர்லெஸ்ஸில் கெஞ்சத் தொடங்கினார்: பெரிய வாசல்களைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் இங்கே ஆள் செத்துவிடும். அவர் சொன்னது உண்மை. கதவுகளோடு ஒட்டி நின்றவர்கள் சுவரில் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். கன்ட்ரோல் ரூமில் இருந்த போட்டிப் பொறுப்பு அதிகாரி அந்தப் பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2.52-க்குத் திறக்கச் சொன்னார். ‘சி’ என்ற அகலமான வெளியேறும் வாசல் திறந்தது. ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ 2,000 பேர் உள்ளே போனார்கள். நிமிடத்துக்கு 400 பேர். ஏழு சுழல் கதவுகளும் சேர்ந்து நிமிடத்துக்கு விடக்கூடியது 77.

வாசலைத் திறந்தது தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நேரத்தில் வேறு வழி குறைவு. தவறு, உள்ளே எங்கே போகப் போகிறார்கள் என்று யோசிக்காமல் திறந்ததில் இருக்கிறது. வாசலுக்குள் நுழைந்ததும் நேர் எதிரே ஒரு சுரங்கவழி. அதன் மேலே ‘நின்று பார்க்கும் இடம்’ என்ற பொருளில் பெரிய எழுத்து. அந்த வழியின் கடைசியில் பச்சையாக ஆடுகளம் தெரிகிறது. ஆட்டம் தொடங்கப் போகிற சத்தம் கேட்கிறது. யாராக இருந்தாலும் அதற்குள்தான் போவோம். அந்த வழி கீழ்நோக்கிச் சரிந்து, மேடையின் நடுவே உள்ள மூன்றாம், நான்காம் கூண்டுகளில் மட்டும் திறந்தது. ஓரத்துக் கூண்டுகளுக்குப் போகும் வழிகள் இருபுறமும் இருந்தன. ஆனால் கண்ணில் படாமல் இருந்தன. அந்தக் கூண்டுகளில் நிறைய இடம் காலியாக இருந்தது.

நடுக் கூண்டுகள் இரண்டும் சேர்த்துச் சான்றிதழில் 2,200 பேருக்கானவை. வழிகாட்டியின்படி ஒழுங்காக அளந்தால் 1,700 பேருக்குத்தான் இடம். 2.50-க்கே அவை எள் போட்டால் விழாத நிலையில் இருந்தன. கடைசியில் 3,000-க்கு மேற்பட்டவர்கள் அவற்றில் இருந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள்.

சுரங்கவழியின் வாயில் ஐந்தாறு பேர் கைகோத்து நின்று ‘அண்ணே, இந்தப் பக்கம் நிறைந்துவிட்டது, ஓரமாகப் போங்கள்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. முந்தைய ஆண்டு இதே இரு அணிகளும் இதே மைதானத்தில் மோதியபோது, போலீஸார் அந்த வழியை அடைத்து ஆட்களை ஓரத்துக்கு அனுப்பியதாகப் பலர் பின்னால் சாட்சி சொன்னார்கள். அது எழுத்தில் இல்லாத பழக்கம். புதிய அதிகாரிக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் செய்திகளில் இதை ‘மிதிபட்டு இறந்தார்கள்’ என்று எழுதிவிடுவோம். பெரும்பாலான மைதானச் சாவுகளில் யாரும் ஓடவில்லை, யாரும் மிதிக்கவும் இல்லை. பச்சை வழிகாட்டி, நின்று பார்ப்பவர்களுக்குச் சதுர மீட்டருக்கு ஐந்துக்கும் சற்றுக் குறைவானவர்களை அனுமதிக்கிறது. ஏழு பேரைத் தாண்டும்போது கூட்டம் திரவம்போல ஆகிவிடுகிறது. தனி ஆளுக்கு அசையும் உரிமை போய்விடும். எங்கோ ஒருவர் சாய்ந்தால் அந்த அலை பத்து வரிசைக்கு அப்பால் இருப்பவரைத் தூக்கிப்போடும். மார்பு விரிய இடமில்லாமல் நின்ற நிலையிலேயே மூச்சு நிற்கும். பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் ஓர் அடி எடுத்துவைக்கிறார், அவ்வளவுதான். அந்த அடி ஆயிரம் பேரின் அடியாகச் சேர்ந்து முன்வரிசையின் மேல் இறங்குகிறது. 3.04-க்கு லிவர்பூல் வீரர் அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையில் பட்டுத் திரும்பியது. கூட்டம் ஒரு முறை முன்னே சாய்ந்தது. அந்தச் சமயத்தில் மூன்றாம் கூண்டில் ஒரு தடுப்புக் கம்பி ஒடிந்து, அதன் மேல் சாய்ந்திருந்தவர்கள் குவியலாக விழுந்தார்கள். 3.06-க்கு ஆட்டம் நின்றது.

அதற்குள் சிலர் வேலி ஏறிக் குதித்திருந்தார்கள். கன்ட்ரோல் ரூமுக்கு அது ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் புகும் கலவரமாகத் தெரிந்தது. அடிதடியைத் தடுக்கவே பயிற்சி பெற்ற கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது. உதவிக்குப் போலீஸ் நாய்ப் படையை அழைத்தார்கள். முன்வேலியின் சிறு கதவுகள் வழியே வெளியே வந்தவர்களைப் போலீஸார் திருப்பி உள்ளே தள்ளிய காட்சிகளும் உண்டு. ரசிகர்களைப் பிரிக்கப் போட்ட வேலி, வெளியேறும் வழியை அடைத்து நின்றது. குடிபோதையில் வந்த ரசிகர்களே காரணம் என்று போலீஸ் தரப்பு பல ஆண்டுகள் சொல்லிவந்தது. 2016-இல் மரண விசாரணை நடுவர்கள், ரசிகர்களின் நடத்தையில் பிழையில்லை, இவை சட்டவிரோதக் கொலைகள் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

வேலி இல்லாத மைதானம் எரிந்தபோது

முன்வேலி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பதில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1985 மே 11, பிராட்ஃபோர்டு மைதானத்தின் பழைய மர ஸ்டாண்ட் தீப்பிடித்தது. பலகைகளுக்கு அடியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த குப்பையில் விழுந்த சிறு நெருப்பு, நான்கைந்து நிமிடத்தில் முழுக் கூரையையும் பிடித்துக்கொண்டது. 56 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் வந்த வழியே திரும்பிப் போனவர்கள். பின்பக்கக் கதவுகள் பல பூட்டியிருந்தன. முன்பக்கம் ஆடுகளத்துக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். அந்த ஸ்டாண்டின் முன்னால் உயர வேலி இல்லை, இடுப்பளவுச் சுவர்தான். அங்கே ஹில்ஸ்பரோ போன்ற வேலி இருந்திருந்தால் சாவு எண்ணிக்கையைச் சொல்லவே வாய் வராது.

மனிதருக்கு ஆபத்தில் வந்த வழியே திரும்பத் தோன்றும். இதை மைதானம் கட்டுபவர்கள் நன்றாக அறிவார்கள். ஆகவே வெளியேறும் கணக்கு, கதவின் எண்ணிக்கையில் தொடங்குவதில்லை, வழியின் அகலத்தில் தொடங்குகிறது. சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், படிக்கட்டில் 66 பேர் என்பது பச்சை வழிகாட்டியின் அளவு. 3,000 பேர் உட்காரும் ஒரு பகுதியை எட்டு நிமிடத்தில் காலிசெய்ய நிமிடத்துக்கு 375 பேர் இறங்க வேண்டும். படிக்கட்டு என்றால் மொத்தம் ஐந்தே முக்கால் மீட்டர் அகலம் வேண்டும். அதில் ஒரு படிக்கட்டு புகையால் அடைபட்டுப் போகலாம். ஆகவே மிகப் பெரிய வழி ஒன்று பயன்படாது என்று வைத்துக்கொண்டே மறுபடி கணக்குப் போட வேண்டும். மேலே ஆறு மீட்டர் அகலமாக இருந்து கீழே கேட்டில் மூன்று மீட்டராகக் குறுகினால், மூன்றுதான் கணக்கு. ஹில்ஸ்பரோ சுரங்கவழிபோல, கூட்டம் குறுகும் ஒவ்வொரு இடமும் பாட்டில் கழுத்து.

எட்டு நிமிடம் என்பது தீ ஆபத்துக் குறைந்த கான்கிரீட் மைதானத்துக்கு. தீப்பிடிக்கக்கூடிய கட்டடத்துக்கு அந்த நேரம் இரண்டரை நிமிடம் வரை இறங்கும். இந்த ‘இரண்டரை’ எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1911-இல் எடின்பரோவில் ஒரு நாடக அரங்கில் மேடை தீப்பிடித்தது. தீத்தடுப்புத் திரையை இறக்கிவிட்டு, இசைக்குழு தேசிய கீதத்தை வாசித்தது. கீதம் முடிந்தால் எழுந்து போவதுதான் அன்றைய வழக்கம். அது வாசித்து முடியும் நேரத்துக்குள் ஏறத்தாழ 3,000 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்தக் கீதத்தின் நேரம் சுமார் இரண்டரை நிமிடம். மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள் தப்பவில்லை என்பது வேறு.

இப்போது என்ன செய்கிறார்கள்

ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கைகளுக்குப் பிறகு, பிரிட்டனில் முன்வேலிகள் போயின. முதல் இரண்டு பிரிவு அணிகளின் மைதானங்களில் நின்று பார்க்கும் மேடைகளும் 1994-க்குள் நாற்காலியாக மாறின. 2022 முதல், ஒவ்வொரு வரிசையிலும் இடுப்புயரக் கம்பியோடு நிற்கும் இடம் திரும்ப வந்திருக்கிறது. ஒரு வரிசையின் அலை அடுத்த வரிசையை எட்டாதபடி அந்தக் கம்பி தடுக்கும்.

ரசிகர்களைப் பிரிப்பது நிற்கவில்லை. பிரிக்கும் விதம் மாறியது. எதிரணி ரசிகர்கள் உட்காரும் பகுதி தனி மைதானம்போல இருக்க வேண்டும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு: அதற்கென்று தனி வாசல், தனிக் கழிப்பறை, தனி முதலுதவி, தனி வெளியேறும் வழி. நடுவே இரும்பு வேலிக்குப் பதில் வலை போர்த்திய காலி நாற்காலி வரிசைகளும், அவற்றின் ஓரத்தில் பணியாளர்களும். ஆபத்து வந்தால் காலி நாற்காலியைத் தாண்டிப் போகலாம், வேலியைத் தாண்ட முடியாது. இதற்கு மைதானங்கள் பணம் கொடுக்கின்றன. காலி விடும் ஒவ்வொரு வரிசையும் விற்காத டிக்கெட். அதனால்தான் பெரிய ஆட்டங்களில் ‘இன்னும் இரண்டு வரிசை குறைத்துக்கொள்ளலாமே’ என்ற நச்சரிப்பு எழும்.

வாசலில் இரண்டு வேலைகள் பிரிந்துவிட்டன. தெருவிலேயே, மைதானத்திலிருந்து தள்ளி, ‘உங்களிடம் டிக்கெட் இருக்கிறதா, எந்தப் பக்கம்’ என்று பார்க்கும் முதல் வட்டம். அங்கேயே டிக்கெட் இல்லாதவர்களும் தப்பான பக்கம் வந்தவர்களும் விலகிவிடுவார்கள். பிறகுதான் சுழல் கதவு. எந்தக் கதவில் எத்தனை பேர், எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று கன்ட்ரோல் ரூமில் நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். அந்த எண்ணை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். கருவியைவிட இந்த இரண்டாவது விஷயம்தான் பல இடங்களில் கிடைப்பதில்லை.

இவை இல்லாத இடங்களில் என்ன நடக்கும் என்பது பழைய கதை இல்லை. 2022 அக்டோபர் 1-இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் போலீஸார் பார்வையாளர் பகுதிக்குள் கண்ணீர்ப்புகை வீசினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்கு ஓடினார்கள். முழுதாகத் திறக்காத வாசல்களில் அடைபட்டார்கள். 135 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 4-இல் பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ஐ.பி.எல். கோப்பை வென்ற கொண்டாட்டம். ஏறத்தாழ 35,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வந்துவிட்டார்கள். வாசல்களுக்கு வெளியே 11 பேர் இறந்தார்கள். அங்கே அன்று ஆட்டமே இல்லை, பிரித்து வைக்க எதிரணியும் இல்லை. வாசலில் வந்து சேரும் கூட்டத்தின் வேகம் வாசல் விடும் வேகத்தைவிட அதிகம் என்ற ஒற்றைக் காரணம் போதுமானதாக இருந்தது. இலவசம் என்று சொல்லிவிட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்ற எண்ணே கையில் இருக்காது. எண் இல்லாமல் ஏழு கதவு போதுமா, எழுபது வேண்டுமா என்று யார் சொல்வது?

ஹில்ஸ்பரோவுக்குத் திரும்புகிறேன். அங்கே 2.30-க்கும் 2.50-க்கும் இடையே செய்திருக்கக்கூடிய மிக மலிவான காரியம் ஒன்று உண்டு: ஆட்டத்தைத் தள்ளிவைத்து, அதை ஒலிபெருக்கியில் வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்வது. மூன்று மணி விசில் தப்பிவிடுமே என்ற பதற்றம்தான் பின்வரிசையைத் தள்ளவைக்கிறது. நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் பின்வரிசை நிதானிக்கும், கதவுகளின் வேகமும் கூடும். இது அந்த மைதானத்துக்குப் புதிதும் இல்லை. 1987-இல் இதே ஹில்ஸ்பரோவில் லீட்ஸும் கவன்ட்ரியும் மோதிய அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கம் லீட்ஸ் ரசிகர்கள். நிறையப் பேர் வெளியிலேயே நிற்கிறார்கள் என்று தெரிந்து ஆட்டத்தைக் கால் மணி நேரம் தள்ளிவைத்தார்கள். எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய், கவன்ட்ரி 3–2 என்று ஜெயித்தது.